கண்காட்சியில் ஸ்டால் போடும் வடசென்னைப் பட்டறைக்காரர்களுக்கு

கொடுங்கையூர், மாதவரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஸ்டால் எடுத்தவுடன் நீங்கள் எனக்கு அனுப்பும் வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "எங்கள் நிறுவனம் கண்காட்சியில் பங்கேற்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அனைவரும் வருகை தந்து ஆதரவு தர வேண்டுகிறோம்." அதற்கு மேலே லோகோ, கீழே கைகூப்பும் படம். போஸ்டர் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு, நீங்கள் சொன்னதை அடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் ஸ்டால் வாடகை, மரவேலை, மின்சாரம், வண்டிக்கூலி என்று கொட்டிய பிறகு, ஆள் வரவழைக்கும் நாலு வரியில் கோட்டை விடுகிறீர்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், படிக்கிற ஆளின் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். மிச்சமெல்லாம் "more" என்பதற்குப் பின்னால் போய்விடும். நம் தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு. "பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதிலேயே ஒரு வரி காலி. ஹால் எண் ஐந்தாவது வரியில் இருந்தால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே எதற்கு வரவேண்டும், எந்த ஹால், எந்த ஸ்டால், இந்த மூன்றும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும்.

இதில் கஷ்டமானது "எதற்கு வரவேண்டும்" என்பதுதான். கொடுங்கையூரில் ரப்பர் கேஸ்கெட், புஷ் வார்க்கும் நண்பர் ஒருவர் "தரமான ரப்பர் பொருட்கள், நியாயமான விலை" என்று எழுதி அனுப்பினார். அது போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். மணலியில் பம்பு பராமரிப்பு பார்க்கிற ஒருவர் இதற்காக அரை நாள் வேலையை விட்டுவிட்டு நந்தம்பாக்கம் வரை வருவாரா? ஸ்டாலுக்கு வந்தால் மட்டும் நடக்கக்கூடியது என்ன இருக்கிறது என்று கேட்டேன். ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் ஷோர் மீட்டரைக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அட, அதுதானே விஷயம்!

அப்புறம் அதையே பிடித்துக்கொண்டோம். எண்ணெய் படுகிற இடத்தில் இ.பி.டி.எம். ரப்பர் போட்டால் அது எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். அந்த இடத்துக்கு நைட்ரைல்தான் வழக்கம். உப்பிப்போய்க் கசிகிற கேஸ்கெட் பராமரிப்பு ஆட்கள் எல்லோரிடமும் ஒன்றாவது கிடக்கும். "அதை எடுத்து வாருங்கள்" என்றால் வருகிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது, கையில் ஒரு பொருளும் இருக்கிறது, பேச்சு தானாகத் தொடங்கும்.

ஆனால் செய்ய முடியாததை எழுதிவிடக் கூடாது. "உங்கள் ரப்பர் எந்த வகை என்று உடனே சொல்கிறோம்" என்று நண்பர் எழுதப் பார்த்தார். கறுப்பு ரப்பர் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஸ்டாலில் நின்றுகொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. கடினத்தன்மையை அளக்கலாம். ஆனால் ஷோர் ஏ அளவுக்குத் துண்டு 6 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் மீட்டரின் ஊசி அடியில் இருக்கும் மேசையையும் சேர்த்து உணர்ந்து, எண்ணைக் கூட்டிக் காட்டும். இன்னொன்று, எண்ணெய் குடித்த ரப்பர் மெத்தென்று ஆகியிருக்கும், அதை அளந்தால் பழைய எண் கிடைக்காது. அதனால் பயன்படுத்தாத துண்டு ஒன்றும் வேண்டும். இந்த நிபந்தனைகள் வாசகத்திலேயே இருந்தால்தான் வந்தவர் ஏமாந்து திரும்ப மாட்டார். கடைசியில் இப்படி வந்தது (தேதி, எண்ணெல்லாம் மாதிரிக்குப் போட்டிருக்கிறேன்):

"எண்ணெயில் உப்பிப்போன கேஸ்கெட்டை எடுத்து வாருங்கள்: ஹால் 2, ஸ்டால் பி-14.
என்ன எண்ணெய், எவ்வளவு சூடு என்று சொன்னால், எந்த ரப்பர் போடலாம் என்று சொல்கிறோம். பயன்படுத்தாத துண்டு இருந்தால் கடினத்தன்மையை அளந்து காட்டுகிறோம் (6 மி.மீ. தடிமனாவது வேண்டும்).
வர்த்தக மையம், நந்தம்பாக்கம். ஆகஸ்ட் 7 வெள்ளி, 8 சனி: காலை 10 முதல் மாலை 6. ஆகஸ்ட் 9 ஞாயிறு: மாலை 4 வரை.
அளந்து காட்டுவது வெள்ளி, சனி 11–1, 3–5. ஞாயிறு 11–1 மட்டும்.
மெட்ரோவில் வருபவர்கள் ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்."

நேரத்தை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். கண்காட்சி திறந்திருக்கும் நேரம் வேறு, உங்கள் ஆள் மீட்டரோடு நிற்கும் நேரம் வேறு. அவரும் சாப்பிடப் போவார். கடைசி நாள் மதியத்துக்கு மேல் பாதி ஸ்டாலில் அட்டைப்பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள், அதை மறைத்துப் பயனில்லை. "நாளை", "இன்று" என்று எழுதாதீர்கள். உங்கள் செய்தியை மச்சான் ஒருவர் மறுநாள்தான் குழுவில் தள்ளிவிடுவார், அப்போது உங்கள் "நாளை" ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். தேதியோடு கிழமையும் இருந்தால் குழப்பம் இல்லை.

மெட்ரோ வரி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் நீல வழி ரயில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை வழியாகத்தான் ஆலந்தூருக்குப் போகிறது, வழியில் மாற வேண்டியதில்லை. நந்தம்பாக்கம் என்றாலே வேறு ஊர் என்று நினைக்கும் நம் பக்கத்து வாடிக்கையாளருக்கு அந்த ஒரு வரி போதும்.

ஹால் எண்ணை விட்டுவிட்டு ஸ்டால் எண்ணை மட்டும் தருபவர்களும் உண்டு. ஒவ்வொரு ஹாலுக்கும் தனித்தனியாக எண் போடும் கண்காட்சி என்றால் பி-14 இன்னொரு ஹாலிலும் இருக்கும். அடையாளம் சொல்வதானால் வாசல், உணவுக்கூடம் போல இடம் மாறாததைச் சொல்லுங்கள். பக்கத்து ஸ்டால்காரரைச் சொல்ல வேண்டாம், அவர் வராமலே போகலாம்.

எண்ணைப் படத்தில் போடுவதா, எழுத்தில் போடுவதா என்பது கொஞ்சம் சங்கடமானது. இன்ஸ்டாகிராமில் எழுத்தைப் பிறகு திருத்தலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் எடுத்து எழுத்தைக் கழற்றிவிட்டு அனுப்புவார்கள், அதனால் எண் படத்திலும் இருந்தாக வேண்டும். திருத்தம் செய்ய அங்கே 15 நிமிடம்தான், பிறர் அனுப்பிவிட்டதை உங்களால் தொடவும் முடியாது. ஆக, ஹால் உறுதியாகும்வரை எண் இல்லாத படத்தைப் போடுங்கள். அமைப்பாளரின் இறுதி வரைபடம் வந்த பிறகு எண்ணோடு இன்னொன்று அடித்துக்கொள்வோம். தற்காலிக வரைபடத்தை நம்பிப் போட்டுவிட்டு, ஹால் மாறியதும் "கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: கூட்டம் நிறைந்த ஹாலில் போன் அடிப்பதே காதில் விழாது.

எனவே இந்த முறை என்னிடம் வரும்போது லோகோவை விடுங்கள், அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. ஒதுக்கீட்டுக் கடிதம், இறுதி வரைபடம், கடைசி நாள் மூடும் நேரம் இவற்றை அனுப்புங்கள். கூடவே, உங்கள் ஸ்டாலுக்கு வருகிறவர் கையில் எதை எடுத்து வரவேண்டும் என்று ஒரே ஒரு வரி.

இப்படிக்கு,
உங்களுக்குப் போஸ்டர் அடிக்கும் ஆள்,
பழைய வண்ணாரப்பேட்டை