நிலம் தேயாது, ஐயா: எங்கள் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் சிறு பங்குதாரர்களில் ஒருவன். முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன், அதனால் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் முன்பக்கத்துப் படங்களை விட்டுவிட்டு நேரே சொத்து அட்டவணைக்குப் போய்விடுவேன். இந்த முறை அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு அலுவலக நிலத்தையும் கட்டிடத்தையும் மறுமதிப்பீடு செய்தீர்கள். அதற்கு முன் நிலம் வாங்கிய விலையான 25 லட்சத்தில் இருந்தது. 1.80 கோடிக்குக் கட்டிய கட்டிடம், அறுபது வருட ஆயுளில் இருபது வருடத் தேய்மானம் போக, 1.20 கோடியில் நின்றது. மறுமதிப்பீட்டுக்குப் பிறகு நிலம் 107.8 லட்சம், கட்டிடம் 517.2 லட்சம். வகுத்துப் பாருங்கள், இரண்டும் சரியாக 4.31 மடங்கு. ஊரில் மனை விலை ஏறுகிற வேகமும் இருபது வருடப் பழைய கட்டிடத்தின் விலை ஏறுகிற வேகமும் ஒன்றாக இருக்குமா?

பொதுக்குழுவில் மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அவர் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்: நிலம் 4.25 கோடி, கட்டிடம் 2 கோடி. கடைசிப் பக்கத்தில் மொத்தம் 6.25 கோடி. உங்கள் கணக்குப் பிரிவு அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து, பழைய புத்தக மதிப்பின் விகிதத்தில் பங்கு போட்டிருக்கிறது. எப்படிப் பிரித்தாலும் பழைய புத்தக மதிப்புக்கு மேல் ஏறிய தொகை, அதாவது மறுமதிப்பீட்டு உபரி, 4.80 கோடிதான் வரும். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்துவது அடுத்த வருடத் தேய்மானத்தில். மதிப்பீட்டாளர் சொன்னபடி எழுதியிருந்தால், 2 கோடியை மீதி நாற்பது வருடத்துக்குப் பிரித்து வருடம் 5 லட்சம். பழைய தேய்மானம் 3 லட்சம், ஆக 2 லட்சம்தான் கூடுதல். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது. அதன் 4 கோடி உபரி, விற்கும்வரை அப்படியே கிடக்கும். உங்கள் பிரிப்பில் கட்டிடத்தின் தேய்மானம் வருடம் கிட்டத்தட்ட 13 லட்சம். நிலத்தின் விலையேற்றத்தில் பெரும்பகுதியைக் கட்டிடத்தின் தலையில் ஏற்றி, அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு தேய்மானம் வந்தால் லாபம் விழுந்திருக்க வேண்டுமே, ஏன் விழவில்லை என்று தேடினேன். லாப நட்டக் கணக்கில் பழைய 3 லட்சம் மட்டும் இருக்கிறது. மீதி 10 லட்சத்தை நேரடியாக மறுமதிப்பீட்டு உபரியில் கழித்திருக்கிறீர்கள். இது ஒரு காலத்தில் நம் ஊரில் நடந்த வழக்கம்தான், நானே எழுதியிருக்கிறேன். கம்பெனிச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணை 2014 ஏப்ரலில் வந்த பிறகு அதற்கு இடமில்லை. 2016-இல் திருத்திய கணக்கியல் தரம் 10-ம் அதையே சொல்கிறது: தேய்மானம் முழுவதும் லாப நட்டக் கணக்கில்தான் விழ வேண்டும். கூடுதலான பகுதிக்குச் சமமான தொகையை உபரியிலிருந்து வருவாய்க் காப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், அது விருப்பம்தான். ஆனால் அந்த மாற்றம் ஒரு காப்பிலிருந்து இன்னொரு காப்புக்கு, லாபத்தைத் தொடாமல் நடக்க வேண்டும். சுற்றுவழியாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது: இன்றைய விலையில் சொத்தைக் காட்டினால், அதைப் பயன்படுத்தும் செலவையும் இன்றைய விலையில் காட்ட வேண்டும்.

ஆக முதல் தவறை இரண்டாவது தவறு மூடிவிட்டது. வருடம் 5 லட்சம் வர வேண்டிய இடத்தில் 3 லட்சம் எழுதியதால், இரண்டு வருடத்தில் லாபம் 4 லட்சம் கூடுதலாகத் தெரிகிறது. உபரியோ வருடம் 2 லட்சத்துக்குப் பதில் 10 லட்சம் கரைகிறது. இப்படியே போனால் நாற்பது வருடத்தில் 4.80 கோடியில் சுமார் 4 கோடி காணாமல் போயிருக்கும், நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்று. பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, “இவ்வளவு உபரி இருக்கே, போனஸ் பங்கு கொடுங்க” என்றார். மேடையில் எல்லோரும் சிரித்தீர்களே தவிர, பதில் சொல்லவில்லை. சட்டத்தின் 63-வது பிரிவு மறுமதிப்பீட்டுக் காப்பிலிருந்து போனஸ் பங்கு தருவதைத் தடுக்கிறது. ஈவுத்தொகைக்கு லாபம் கணக்கிடும்போதும் 123-வது பிரிவு இந்த உயர்வை விலக்கச் சொல்கிறது. வருமான வரியிலும் அந்தக் கூடுதல் 2 லட்சத்துக்குக் கழிவு கிடையாது, அங்கே பழைய செலவின் அடிப்படையில்தான் தேய்மானம். அப்புறம் ஏன் செய்தோம் என்று அவர் கேட்டிருந்தால், வங்கிக் கடனுக்காக என்று நேர்மையாகச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். மதிப்பீட்டாளர் தந்த பிரிப்பின்படி நிலத்தையும் கட்டிடத்தையும் திருத்தி எழுதுங்கள். உபரியில் கழித்த தொகையைத் திருப்பி வைத்து, இரண்டு வருடத்துக்கும் சேர வேண்டிய 4 லட்சத்தை முந்தைய காலப் பிழை என்று இந்த ஆண்டின் கணக்கில் தனியாகக் காட்டுங்கள். ஆடிட்டரிடம் இந்த மடலின் நகலைக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பங்குதாரர்