பாப்பாவுக்கு, ஸ்லைடர் அனுப்புகிறேன்

அன்புள்ள பாப்பா,

நலம். அம்மாவும் நலம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. தம்பி பரீட்சை எழுதிவிட்டான். குறுவைக்கு நாற்றங்கால் விட்டாயிற்று, வாய்க்காலில் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

போன வாரம் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். அந்தப் பாட்டி பூ கட்டுவது. நல்ல இடம், நல்ல வெளிச்சம். ஆனால் படம் முழுக்க ஆடுகிறது. ஹரித்ராநதியில் தெப்பம் எடுத்தாயே, அது வெறும் கையில் எடுத்ததுதான், கல்லில் வைத்ததுபோல் நின்றது. டீக்கடையில் நாலு பேர் என்னிடம் காட்டி உங்கள் பெண்ணா எடுத்தது என்று கேட்டார்கள். அந்தக் கைதானே இதுவும். சரியாகச் சாப்பிடுகிறாயா? ராத்திரி தூங்குகிறாயா? சரி, அதை விடு.

போனை ஒரு சின்ன வண்டியில் வைத்துத் தண்டவாளத்தில் ஆடாமல் நகர்த்திப் படம் எடுக்கும் ஸ்லைடர் வாங்க வேண்டும், விலை அதிகம் என்று தம்பியிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். வீட்டில் கிடந்த சாமான்களை வைத்தே ஒன்று செய்துவிட்டேன், மன்னை எக்ஸ்பிரஸில் வரும் மேலத்தெருப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதை எப்படிச் செய்தேன் என்று முழுக்க எழுதுகிறேன், ஏனென்றால் ஏதாவது ஆட்டம் கொடுத்தால் நீயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

தண்டவாளம் இரண்டும் பழைய கூடத்து ஜன்னலில் ஸ்கிரீன் போட்ட எவர்சில்வர் பைப், ஒரு இன்ச் கனம், மூன்றடி நீளம். முதலில் வயரிங் பைப்பில்தான் தொடங்கினேன். பிளாஸ்டிக் பைப் இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்யும், மொட்டைமாடி வெயிலில் ஒரு மத்தியானம் கிடந்தால் வில்லாக வளைந்துவிடும். அதனால் அதை ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் பைப்பை எடுத்து, ஒரு பலகையில் அடி முழுக்கப் படும்படி ஐந்து இன்ச் இடைவெளியில் பதித்தேன். சக்கரத்துக்கு உன் பழைய ஸ்கேட்டிங் ஷூ. அதில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு பேரிங் இருக்கிறது, ஒரு ஷூவிலேயே எட்டு வந்தது. ஓரத்தில் 608 என்று அடித்திருக்கும். உள்துளை 8 மில்லி, வெளிவிட்டம் 22 மில்லி. இந்த எண்ணைச் சொன்னால் பேரிங் விற்கும் கடையிலும் ஸ்கேட்டிங் கடையிலும் கிடைக்கும். ரப்பர் மூடி போட்டது இறுக்கமாகச் சுற்றும், இரும்பு மூடி போட்டதை வாங்கு.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. இதைச் செய்கிறவர்கள் பலரும் வண்டியின் நாலு மூலையிலும் ஒரே மாதிரி சக்கரம் வைத்து, இரண்டு பைப்பையும் இறுக்கிப் பிடிக்கவைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஓடாது. நான் முப்பது வருஷமாக மரம் இழைக்கிறவன், என்னாலேயே இரண்டு பைப்பை மூன்றடிக்கும் மயிரிழை பிசகாமல் இணையாக வைக்க முடியாது. கொஞ்சம் விலகிய இடத்தில் வண்டி இறுகும், நெருங்கிய இடத்தில் லொடலொடவென்று ஆடும். நாலு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது, அதுதான் இங்கேயும். ஒரு பைப் வழிகாட்ட வேண்டும், இன்னொரு பைப் வெறுமனே தாங்க வேண்டும்.

அதனால் ஒரு பக்கம் மட்டும் முன்னும் பின்னும் இரண்டு மரத்துண்டு வைத்தேன். ஒவ்வொன்றின் அடியையும் இரண்டு புறமும் 45 டிகிரி சாய்வாக இழைத்து, அந்த இரண்டு சாய்விலும் ஒவ்வொரு பேரிங். இரண்டு பேரிங்கும் பைப்பின் தலையை இடமும் வலமும் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் நகர வழியில்லை. மரத்தின் கூர்நுனியை மழுக்கிவிட்டேன், இல்லாவிட்டால் அது பைப்பில் உரசும். மறுபக்கம் நடுவில் ஒரே ஒரு பேரிங், நேராக, பைப்பின் மேல் சும்மா உட்கார்ந்து உருளும். மொத்தம் ஐந்து பேரிங், தாங்குவது மூன்று இடத்தில். பைப் இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த ஒற்றைப் பேரிங் பைப்பின் மேலேயே கொஞ்சம் ஒதுங்கி ஓடும், வண்டி இறுகாது.

பேரிங்குக்கும் மரத்துக்கும் நடுவே வாஷர் போடவில்லை, ஒரு நட்டுதான் போட்டிருக்கிறேன். அகலமான வாஷர் பேரிங்கின் மூடியில் உரசிப் பிடித்துக்கொள்ளும், நட்டு உள்வளையத்தை மட்டும் தொடும். கழற்றினால் இதே மாதிரி திரும்பப் போடு.

வண்டிப் பலகை எட்டு இன்ச் நீளம், ஆகவே உனக்கு ஓட்டம் இருபத்தெட்டு இன்ச். போதும். போன் நிற்க ஒரு மரக்கட்டையில் காடி எடுத்து, உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கிறேன், உன் போன் கவரோடு நிற்கும். அந்தக் கட்டை மூன்று சக்கர இடங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது, அதை ஓரத்துக்கு மாற்றாதே, வண்டி ஒரு பக்கம் தூக்கும்.

அப்புறம் அந்த ஒரு கிலோ எடைக்கல். பழைய கடைத் தராசுடன் கிடந்தது. போனுக்குப் பின்னால் அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாமல் எடுக்காதே. போன் வெறும் இருநூறு கிராம் சொச்சம், அதை மட்டும் வைத்து இழுத்தால் உன் விரலின் ஒவ்வொரு சின்ன நடுக்கமும் படத்தில் தெரியும். கனம் இருந்தால் அந்த நடுக்கத்துக்கு வண்டி அசைந்து கொடுக்காது. இது உருளுகிற வண்டிக்குத்தான். மேசைமேல் துணி போட்டு இழுப்பார்களே, அதில் கனம் வைத்தால் உரசல் கூடி நின்று நின்று நகரும்.

இழுப்பதற்கு வண்டியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். ரப்பரைப் பிடித்து இழு. கை விட்டு விட்டு இழுத்தாலும் ரப்பர் அதை வாங்கிக்கொள்ளும். இதுவும் நன்றாக உருளுகிற வண்டிக்கு மட்டும். உரசல் இருந்தால் ரப்பர் நீளும், வண்டி நிற்கும், திடீரென்று பாயும்.

நன்றாக உருளுகிறதா என்று பார்க்க, பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்துத் தூக்கு. வண்டி தானாகப் புறப்பட வேண்டும். புறப்படாவிட்டால் எங்கோ உரசுகிறது, முதலில் நட்டுகளைப் பார். சரிவில் தானாக ஓடவிட்டுப் படம் எடுக்க நினைக்காதே, போகப் போக வேகம் கூடிவிடும். ஓடும்போது டக்கென்று ஒரு குதிப்பு வந்தால், அது எங்கே வருகிறது என்று கவனி. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் பைப்பில் அழுக்கோ நசுங்கலோ இருக்கிறது, துடைத்துவிடு. ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பேரிங்கின் விளிம்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் அதன் சுற்றளவு அவ்வளவுதான்.

திண்ணையில் வைத்துப் பார்த்தோம். தம்பிதான் எடுத்தான். முதலில் வயலை எடுத்தான், முன்னால் ஒன்றுமில்லாமல். வண்டி முழுக்க ஓடியும் படத்தில் எதுவும் நகர்ந்த மாதிரியே இல்லை. தூரத்துப் பனைமரத்துக்கு இரண்டேகால் அடி ஒரு பொருட்டா? அப்புறம் நாச்சியார்கோவில் குத்துவிளக்கை ஒன்றரை அடி தள்ளி வைத்து, பின்னால் அத்தையை முறத்தோடு உட்காரவைத்தான். விளக்கு படத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து மெதுவாகக் கடந்து மறு ஓரத்தில் வெளியே போனது, அத்தை கொஞ்சம்தான் நகர்ந்தார். உன் பூக்காரப் பாட்டிக்கும் இதையே செய். கூடையையோ தொங்குகிற சரத்தையோ முன்னால் கிட்டத்தில் வை. பத்து விநாடியில் முழு ஓட்டமும் முடியட்டும், முதலும் கடைசியும் எப்போதும் கொஞ்சம் குலுங்கும், அதை வெட்டிவிடு.

இரண்டு விஷயம் தம்பி சொல்லச் சொன்னான். போனில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை இதில் அணைத்துவிட வேண்டுமாம், வண்டி நகர்வதையும் அது ஆட்டம் என்று நினைத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், பிறகு படம் துள்ளும். பின்னால் இருக்கும் ஆளின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் விளக்கு குறுக்கே வரும்போது போன் அதற்குத் தாவுகிறது. நாங்கள் எடுத்ததில் அப்படித்தான் ஆனது.

நடந்து போகிறவர்களைத் தொடர்ந்து எடுக்க இது உதவாது. ஜூம் வைத்தும் எடுக்காதே, சின்ன அதிர்வும் பெரிதாகத் தெரியும். பேரிங் ஓடும் சத்தமும் பதிவாகும், பேச்சு வேண்டுமென்றால் தனியாகப் பதிவு செய்.

எடைக்கல் இல்லாமல் எடுக்காதே என்று சொன்னேன் இல்லையா, மறந்துவிடாதே.

பாப்பா, வேலையை விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. அதற்குக் கோபமில்லை. நீ சொல்லவில்லையே என்பதுதான் இருக்கிறது. வாடகை எப்படிக் கட்டுகிறாய், மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா, கை ஏன் அப்படி நடுங்கியது, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அந்த வீடியோவை ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேமராவால் வந்த ஆட்டம் என்றால் இந்தப் பெட்டி போதும். வேறு ஏதாவது என்றால் டாக்டரைப் பார், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், தேக்கு ஜன்னல் வேலை ஒன்று கையில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் சொல்.

பையன் வெள்ளிக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்குவான். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், அவன் கூப்பிட்டாலாவது எடு. எடைக்கல்லைத் தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறேன், மிச்சமிருந்த மூன்று பேரிங்கும் அதிலேயே இருக்கிறது. ரயில் குலுக்கலில் நட்டு தளர்ந்திருக்கும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஐந்தையும் ஒருமுறை இறுக்கு, அளவாக, பேரிங் விரலால் தட்டினால் சுற்ற வேண்டும்.

அப்பா