தேனி லைன் பற்றி பாண்டிக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள பாண்டி,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் போக விடாதே. இங்கே சின்னவள் பன்னிரண்டாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள்.

நீ பிஸ்கட் ஏஜென்சி எடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய கடை லிஸ்ட்டை ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். 600 கடை, ரெண்டு சேல்ஸ்மேன், ஒரு வேன். எல்லாக் கடைக்கும் வாரம் ஒரு தடவை போக வேண்டும் என்று கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அப்படியே வைத்துக்கொள்ளாதே. 600 கடைக்கு வாரம் ஒரு தடவை என்றால் நாலு வாரத்தில் 2400 விசிட். ஒரு பையன் நாளைக்கு 35 கடை பார்த்தால் அதுவே நல்ல வேலை. மாதம் 24 வேலை நாள், ரெண்டு பேர் என்றால் 1680தான் வரும். மீதி 720 விசிட்டை யாரும் போகப் போவதில்லை. எந்தக் கடையை விடுவது என்று நீ முடிவு பண்ணாவிட்டால், மதியம் மூன்று மணி வெயிலில் அந்தப் பையன் முடிவு பண்ணுவான். லைன், அதாவது ஒரு நாளைக்குப் போகிற கடை வரிசை, அதன் கடைசியில் இருக்கிற கடைதான் எப்போதும் விடுபடும்.

அதனால் முதலில் கடைகளைப் பிரி. உன்னிடம் எவ்வளவு பில் போடுகிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்காதே. அந்தக் கடையில் மொத்தமாக பிஸ்கட் எவ்வளவு ஓடுகிறது என்று பார். உன் லிஸ்ட்டில் போடியில் ஒரு மளிகைக் கடை, மாதம் 3000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று சின்னக் கடையாக எழுதியிருக்கிறாய். ஒரு நாள் நீயே போய் அந்த ரேக்கைப் பார். மற்ற கம்பெனி சரக்கு மேலிருந்து கீழ் வரை அடுக்கியிருந்தால் அது பெரிய கடைதான், உனக்குத்தான் இன்னும் இடம் தரவில்லை. அங்கே அடிக்கடி போனால்தான் இடம் கிடைக்கும்.

நான் பிரித்துப் பார்த்தது இப்படி. ஹோல்சேல், பெரிய மளிகை, சூப்பர் மார்க்கெட் என்று 60 கடை. இதில் தேனியிலும் போடியிலும் இருக்கிற 40 கடைக்கு வாரம் ரெண்டு தடவை, மற்ற 20க்கு ஒரு தடவை. நடுத்தரக் கடை 180, வாரம் ஒரு தடவை. சின்னக் கடை 240, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பாக்கி 120 பெட்டிக்கடைக்கு நீ போகவே வேண்டாம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஏழெட்டு கிலோமீட்டர் போய் 200 ரூபாய் பில் போட்டால் பெட்ரோலுக்கே காணாது. அவர்கள் எப்படியும் சின்னமனூருக்கோ உத்தமபாளையத்துக்கோ வந்து ஹோல்சேல் கடையில்தான் சரக்கு எடுக்கிறார்கள். அந்த ஹோல்சேல்காரரிடம் உன் சரக்கு எல்லா ஐட்டத்திலும் இருக்கும்படி பார்த்துக்கொள், போதும்.

இப்படிப் போட்டால் மொத்தம் 1600 விசிட். 80 மிச்சம் இருக்கிறது. லீவு, மழை, துக்க வீடு, கடையடைப்பு எல்லாவற்றுக்கும் அந்த 80தான். அதையும் நிரப்பிவிடாதே. நேரக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். பெரிய கடையில் 20 நிமிஷம், நடுத்தரத்தில் 10, சின்னதில் 6 என்றால் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஆறேகால் மணி நேரம் கடையில் போகிறது. வண்டி ஓட்டுவதும் சாப்பாடும் அதற்கு மேல். ஒருவனுக்கு மட்டும் பெரிய கடையாகச் சேர்ந்துவிட்டால் கடை எண்ணிக்கை சமமாக இருந்தும் அவன் முடிக்க மாட்டான். நிமிஷத்தை வைத்துச் சமமாகப் பிரி.

இனி ரூட். பெரும்பாலான ஏஜென்சியில் வேனை மறந்துவிட்டு லைன் போடுகிறார்கள். இன்றைக்கு எடுத்த ஆர்டரை நாளைக்கு வேன் இறக்க வேண்டும். ஒரு பையன் போடி, இன்னொருவன் சின்னமனூர் என்று ஒரே நாளில் போனால், மறுநாள் உன் ஒரே வேன் ரெண்டு பக்கமும் ஓட வேண்டும். ஒரு பக்கம் சரக்கு ரெண்டு நாள் தள்ளிப் போகும். அதற்குள் கடைக்காரர் வேறு கம்பெனிச் சரக்கை வாங்கி வைத்திருப்பார், உன் சரக்கு திரும்பி வரும். அதனால் ரெண்டு பேரும் ஒரே நாளில் ஒரே திசைக்குப் போகட்டும், ஊருக்குள் தெருவைப் பிரித்துக்கொள்ளட்டும். திங்கள், வியாழன் தேனி. செவ்வாய், வெள்ளி போடி. புதன் தேவாரம், கோம்பை. சனி உத்தமபாளையம், சின்னமனூர்.

புதன்கிழமை போகிற வழியே திரும்பி வர வேண்டாம். போடி வழியாகத் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை போய் உத்தமபாளையத்தில் மெயின் ரோட்டைப் பிடித்துச் சின்னமனூர் வழியாகத் தேனிக்கு வந்துவிடலாம். வியாழக்கிழமை வேனும் அதே சுற்றுதான்.

ஒன்றை மட்டும் உள்ளூரில் விசாரித்துக்கொள். அந்தப் பக்கத்து ஜனம் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். காலையிலும் சாயந்திரமும் கடையில் கூட்டம் நெரியும், அப்போது போனால் ஆர்டர் தர மாட்டார்கள். தோட்டத்தில் கூலி கொடுக்கிற நாள் எது என்று கேள். அதற்கு முந்தின நாளே சரக்கு கடையில் இறங்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை கூலி என்றால் வியாழன் வேன் போதும். வேறு நாள் என்றால் புதனையும் சனியையும் மாற்றிக்கொள்.

பெரிய கடைக்கு வாரம் ரெண்டு தடவை என்றேன் அல்லவா, ரெண்டும் ஆர்டருக்கு இல்லை. முதல் தடவை ஆர்டர். ரெண்டாவது தடவை ரேக்கில் தீர்ந்ததை நிரப்புவது, தேதி நெருங்கிய பாக்கெட்டை முன்னால் தள்ளுவது, பாக்கி வசூல். சூப்பர் மார்க்கெட்டில் பர்ச்சேஸ் பார்க்கிறவர் எந்த நாள், எந்த நேரம் ஆர்டர் போடுவார் என்று கேட்டு அந்த நேரத்துக்கே பையனை அனுப்பு. புது ஐட்டம் வைப்பது, ரேக்கில் இடம் கேட்பது எல்லாம் சேல்ஸ்மேனால் ஆகாது. அந்த 60 கடைக்கும் மாதம் ஒரு தடவை நீயே போக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மொத்த விற்பனையைப் பார்க்காதே. ஒவ்வொரு லைனிலும் கடைசிப் பத்துக் கடையை எடு. நாலு வாரமாக அதே கடைகளில் பில் இல்லை என்றால் பையன் அங்கே போகவில்லை, அல்லது லைன் நீளம் அதிகம். மொபைலில் பில் நேரமும் பதிவாகும். பன்னிரண்டு மணிக்குள் முக்கால்வாசி பில் விழுந்துவிட்டு அப்புறம் ஒன்றுமே இல்லையென்றால் அதுவும் அதே கதைதான். பையனைத் திட்டுவதற்கு முன் ஒரு நாள் அவனோடு போய், கடைசிக் கடையிலிருந்து ஆரம்பித்துப் பார்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழா வருகிறது. அந்த நாட்களில் மெயின் ரோட்டில் கூட்டமாக இருக்கும், சின்னமனூர்ப் பக்கம் வேன் போய் வர நேரமாகும். அந்த வாரத்து ஆர்டரை முந்தின வாரமே சேர்த்து எடுக்கச் சொல். வீரபாண்டிக் கடைகளுக்குத் திருவிழாவுக்கு முன்பே ஒரு லோடு இறக்கிவிடு.

தெருவாரியாகப் பிரித்த லிஸ்ட்டை அனுப்பு, பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்