முதல்வருக்கு ஒரே ஒரு தலைப்பு

மாப்ளே,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே யாவரும் நலம்.

முதல்வர் கடிதம் உனக்கும் வந்திருக்கும். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் தலைப்பு சொல்லும்படி பழைய மாணவர்களைக் கேட்டிருக்கிறார். நம் கூட்டாளி குட்டை உடனே பத்துத் தலைப்பு அனுப்பிவிட்டான். பரீட்சைப் பேப்பரையும் அவன் அப்படித்தானே நிரப்புவான்! நான் ஒன்றுதான் எழுதப் போகிறேன்: கல்லூரிக்குப் பின்னால் கிடக்கும் கண்மாயின் நீர்மட்டத்தை அளந்து, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் கருவி. இதில் பாதி உன் சிவில் வேலை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

அல்ட்ராசோனிக் சென்சாரை வாங்கி மாட்டினால் முடிந்தது என்பாய். நீர் புகாத JSN-SR04T சென்சாரும் ஒரு ESP32 போர்டும் போதும்தான். சென்சாரை 5 வோல்ட்டில் ஓட்டினால் எக்கோ முனையில் 5 வோல்ட் வரும், ESP32 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. இந்த இடம் வரை எந்தப் பையனும் செய்துவிடுவான்.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. சென்சார் தருவது தூரத்தை அல்ல, ஒலி போய்த் திரும்பிய நேரத்தை. எல்லோரும் எடுத்துப் போடும் நிரலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரிக்கு உரியது. மதுரையில் அது எங்கே கிடைக்கும்? தண்ணீர் சென்சாருக்குச் சரியாக 3 மீட்டர் கீழே நிற்கிறது என்று வை. விடியற்காலை 24 டிகிரியில் அந்த நிரல் 297.5 செ.மீ. காட்டும். மதியம் 40 டிகிரியில் ஒலி வேகமாக ஓடிவருவதால் 289.4 செ.மீ. காட்டும். தண்ணீர் அசையவே இல்லை, ஆனால் மட்டம் 8 செ.மீ. ஏறிவிட்டது! 100 ஏக்கர் பரப்பில் இது ஏறத்தாழ 3.2 கோடி லிட்டர் பொய்த் தண்ணீர். மழையோ கால்வாய்த் தண்ணீரோ வராமல் வரைபடம் தினமும் மதியம் ஏறி இரவில் இறங்கினால் காரணம் இதுதான். நிழலில் ஒரு DS18B20 வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டே வரி மாற்றினால் பெரும்பகுதி சரியாகும். T என்பது வெப்பநிலை, t_us என்பது ஒலி போய்த் திரும்பிய மைக்ரோ நொடி:

```
float v = 331.3 + 0.606 * T;      // m/s
float d = v * t_us / 20000.0;     // cm
```

வெப்பமானி, ஒலி போகும் அதே காற்றில் தொங்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் சூட்டைத்தான் அளக்கும்.

அடுத்தது ஆகாயத்தாமரை. அது சென்சாருக்குக் கீழே ஒதுங்கினால் எதிரொலி இலையிலிருந்து திரும்பும். மடைச் சுவரை ஒட்டி மாட்டினாலும் ஒலி விரிந்து போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும். ஆகவே மடையோரம் 6 அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் அளக்க வேண்டும். குழாய் ஒரே துண்டாக இருக்கட்டும். இணைப்பு இருந்தால் அந்த விளிம்பே பொய் எதிரொலி தரும். அடியில் தண்ணீர் புகத் துளைகள், மேலே காற்றுப் போக ஒரு துளை, வெளியே வெள்ளைப் பெயின்ட். நடுவதற்கு முன் குழாயைத் தரையில் கிடத்தி, உள்ளே ஒரு பலகையை 1, 2, 3 மீட்டரில் நிறுத்தி டேப்போடு ஒப்பிடச் சொல். அங்கே தவறாகக் காட்டினால் கண்மாயிலும் தவறாகத்தான் காட்டும். கால் மீட்டருக்குள் இந்த சென்சாருக்குக் கண் தெரியாது. அதனால் கண்மாய் நிரம்பி வழியும் கலிங்கு மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே மாட்ட வேண்டும்.

இப்போது உன் பங்கு. மட்டம் தெரிந்தால் தண்ணீரின் அளவு தெரிந்துவிடாது. கண்மாய் கரைப்பக்கம் ஆழம், உள்வாயில் மேடு. கலிங்கு மட்டத்தை ஆதாரமாக வைத்துத் தரைமட்டங்களை எடுத்து, கால் மீட்டருக்கு ஒரு சமமட்டக் கோடு வரைந்து, அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் பரப்பைச் சராசரியாக்கி உயரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வண்டல் படிந்து கிடப்பதால் பழைய வரைபடம் உதவாது. கண்மாய் வற்றிக் கிடக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்.

எனக்கு இதில்தான் பெரிய கவலை. கல்லூரியில் புராஜெக்ட் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரிலேயே வந்துவிடும். டிசம்பரில் தொடங்கும் பிள்ளை, கண்மாய் நிரம்புவதைப் பார்க்கவே மாட்டான். ஜூலையில் சர்வே, செப்டம்பருக்குள் குழாய், மழை முழுதும் பதிவு என்று நடந்தால்தான் இது உருப்படும். மடைக்கல்லில் செ.மீ. கோடுகளும் வரைந்து, நீர்பாய்ச்சியை தினம் காலையிலும் மதியமும் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லி, அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அந்த நோட்டும் கருவியும் 2 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் மதிப்பெண் கொடுக்கட்டும். அறிக்கையின் தடிமனைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

சர்வேக்கு வேண்டிய ஆட்டோ லெவல் கல்லூரியில் நல்ல நிலையில் இருக்கிறதா என்று டிராயிங் சாரிடம் கேட்டுச் சொல். ஜூலையில் இரண்டு சனிக்கிழமை நீ வந்து பிள்ளைகளோடு நிற்க முடியுமா? முடியும் என்றால் உன் பெயரையும் சேர்த்தே முதல்வருக்கு எழுதிவிடுகிறேன்.

உன்
மாமு