நகராத கட்டைக்கு முடுக்கம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் கணக்கைப் பற்றி இந்தக் கடிதம். விடை தவறு. அச்சுப்பிழை என்றால் விட்டிருப்பேன். பிள்ளைகள் விடைத்தாளில் வழக்கமாகச் செய்யும் தப்பையே அச்சில் பார்த்ததால் எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். சொரசொரப்பான சாய்தளத்தில் 5 கிலோ கட்டை. சாய்வு 37 டிகிரி. கட்டையில் கட்டிய கயிறு தளத்துக்கு இணையாக மேலேறி, உச்சியில் உள்ள கப்பியைத் தாண்டி, மறுபக்கம் 4 கிலோ எடையோடு தொங்குகிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. ஆரம்பத்தில் எல்லாம் அசையாமல் இருக்கிறது. கையை எடுத்தால் முடுக்கம் என்ன?

தீர்வு எழுதியவர் கட்டை மேலே போகும் என்று வைத்துக்கொண்டார். சரி, ஏதாவது ஒரு திசையில் தொடங்கத்தானே வேண்டும். தொங்கும் எடை இழுப்பது 40 நியூட்டன். சரிவு வழியாகக் கட்டையின் எடை கீழே இழுப்பது 30 நியூட்டன். கட்டை தளத்தை அழுத்துவது 40 நியூட்டன், ஆகவே இயக்க உராய்வு 16. நாற்பதில் முப்பதும் பதினாறும் போனால் மைனஸ் 6. மொத்த நிறை 9 கிலோவால் வகுத்தால் மைனஸ் 0.67. உடனே, 'குறி எதிர்மறையாக இருப்பதால் கட்டை 0.67 மீ/வி² முடுக்கத்தோடு கீழே சறுக்குகிறது' என்று முடித்துவிட்டார்.

உராய்வு இல்லாத கணக்கில் இப்படிச் செய்யலாம். எதிர்மறை வந்தால் திசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், எண் மாறாது. உராய்வு இருந்தால் அது நடக்காது, ஏனென்றால் கட்டை எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் உராய்வு இழுக்கும். கட்டை கீழே போகிறது என்றால் அந்த 16 நியூட்டன் மேல்நோக்கி இருக்க வேண்டும். அச்சிட்ட விடையிலோ கட்டையும் கீழே போகிறது, உராய்வும் அதைக் கீழே தள்ளுகிறது. அப்படி ஓர் உராய்வு எங்கும் கிடையாது. வந்த மைனஸ் குறிக்கு ஒரே பொருள்தான்: நின்றிருந்த கட்டை மேலே போகும் என்று எடுத்துக்கொண்டது சரியில்லை. கீழே போகும் என்று அதிலிருந்து கிடைக்காது.

முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: கட்டை நகருமா? உராய்வே இல்லாவிட்டால் 40-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 10 நியூட்டன், கட்டையை மேலே கொண்டு போகும். ஓய்வுநிலை உராய்வு அதிகபட்சம் 20 வரை தாங்கும். தேவைப்படுவது 10 மட்டுமே. ஆகவே உராய்வு சரிவில் கீழ்நோக்கிச் சரியாக 10 நியூட்டன் கொடுக்கும், கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். முடுக்கம் சுழி, கயிற்றின் இழுவிசை 40 நியூட்டன். கணக்கு இரண்டே வரி. உராய்வு என்றாலே குணகத்தை அழுத்துவிசையால் பெருக்கிப் போட்டுவிடும் பழக்கத்தால் அந்த இரண்டு வரி தவறிப்போகிறது. அந்தப் பெருக்கல் தருவது உச்சவரம்பு. நின்றிருக்கும்போது உராய்வு தேவைக்குத் தகுந்தபடிதான் வரும்.

தொங்கும் எடையை மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 3 கிலோ தொங்கினால் 30-க்கு 30, உராய்வுக்கு வேலையே இல்லை. 2 கிலோ என்றால் கட்டை இறங்கப் பார்க்கும், உராய்வு திரும்பி மேல்நோக்கி 10 நியூட்டன் பிடிக்கும். இப்படி 1 கிலோ முதல் 5 கிலோ வரை எதைத் தொங்கவிட்டாலும் கட்டை அசையாது. ஒரு கிலோவுக்குக் கீழே போனால்தான் சறுக்கும், ஐந்தைத் தாண்டினால்தான் ஏறும். 6 கிலோவுக்கு முடுக்கம் 14-ஐ 11-ஆல் வகுத்து ஏறத்தாழ 1.27 மீ/வி². அப்போது இழுவிசை 60 அல்ல, சுமார் 52.4 நியூட்டன். இந்த 1, 5 என்ற எல்லைகளில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இடமே இல்லை. 10 என்று போட்டாலும் 9.8 என்று போட்டாலும் அதே எல்லைதான்.

அந்த மைனஸ் 0.67-ஐ முழுக்கத் தூக்கிப் போடவும் வேண்டாம். அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அதே 4 கிலோ தொங்கட்டும், கட்டையைச் சரிவில் மேல்நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளிவிடுங்கள். இப்போது இயக்க உராய்வு உண்மையிலேயே கீழ்நோக்கி 16 நியூட்டன். கட்டை 0.67 வீதம் வேகம் குறைந்து, ஒன்றரை நொடியில், முக்கால் மீட்டர் ஏறி நின்றுவிடும். நின்ற பிறகு திரும்ப இறங்காது, ஓய்வுநிலை உராய்வு பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் கட்டை நின்றதா, நகர்ந்ததா என்ற ஒரே வார்த்தையில் விடை மாறுகிறது.

இரண்டு குணகம் கொடுத்திருப்பதற்கும் காரணம் உண்டு. 4.8 கிலோ தொங்கவிட்டால் கட்டை நிற்கும். பலகையை லேசாகத் தட்டிச் சற்றே நகர்த்திவிட்டால் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். நகரத் தொடங்கியபின் எதிர்ப்பது 46 நியூட்டன்தான், இழுப்பது 48. எல்லைக்கு அருகே இப்படி ஓர் இடைவெளி இருப்பதை ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கலாம். தட்டில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக, அதிராமல் வைக்க வேண்டும். பொத்தென்று போட்டால் கட்டை சீக்கிரமே கிளம்பிவிடும், குணகம் குறைவாகக் கிடைக்கும்.

குணகம் கண்டுபிடிக்கவும் இதே ஏற்பாடு போதும். கட்டை ஏறத் தொடங்கும் எடையையும் இறங்கத் தொடங்கும் எடையையும் குறித்துக்கொண்டால், இரண்டின் கூட்டலில் உராய்வு அடிபட்டுச் சாய்வு மட்டும் மிஞ்சும், கழித்தலில் உராய்வு மட்டும் மிஞ்சும். நம் கணக்கில் 50-க்கும் 10-க்கும் சராசரி 30. அது சரிவு வழியான எடையே. வித்தியாசத்தில் பாதி 20. அதை 40-ஆல் வகுத்தால் 0.5.

ஒரு சங்கடம், கப்பி. பள்ளிக் கப்பிகள் பல எண்ணெய் கண்டு வெகுகாலம் ஆனவை. அச்சில் உள்ள உராய்வு ஏறும் எல்லையை மேலே தள்ளும், இறங்கும் எல்லையைக் கீழே தள்ளும். சராசரி ஏறக்குறைய ஒழுங்காகவே வரும் என்பதால் சந்தேகமே வராது, குணகம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க, கப்பியின் இரு பக்கமும் கட்டையின் எல்லை எடை அளவுக்குச் சம எடைகளைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எவ்வளவு கூட்டினால் நகர்கிறது என்று பார்த்தால் போதும். கயிறு தளத்துக்கு இணையாக இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கப்பி உயரமாக இருந்தால் கயிறு கட்டையைக் கொஞ்சம் தூக்கிப்பிடிக்கும், அழுத்துவிசை 40 இருக்காது.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, முடுக்கம் சுழி என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், 'கட்டை நகருமா?' என்பதை முதல் பிரிவாகவும் 'மேல்நோக்கித் தள்ளிவிட்டால் எங்கே நிற்கும்?' என்பதை இரண்டாம் பிரிவாகவும் வைத்து முழுக் கணக்கையும் மறுபடி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விடை எழுதியவரின் முதல் மூன்று வரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், இரண்டாம் பிரிவுக்கு அவை சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி