கடிகாரப் பட்டையின் மூன்றாவது துளை

அன்புக் கண்ணம்மா,

நேற்று போனில், "குழந்தையைத் தூக்கலாமாம்மா, கை வீங்கிடுமா?" என்று கேட்டாய். அரைகுறையாகப் பதில் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு இப்போது நடந்த அதே மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் எனக்கு நடந்து ஒன்பது வருஷமாகிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அக்குளில் நெறி கட்டுமே, அந்தக் கணுக்களைத்தான் உனக்கு எடுத்திருக்கிறார்கள். கையிலிருந்து திரும்பும் நிணநீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இப்போது வழி குறுகிவிட்டது. மிச்சமிருக்கும் குழாய்கள் சமாளித்தால் ஒன்றும் ஆகாது. சமாளிக்க முடியாதபோது நீர் தோலுக்கடியில் தேங்கும். ஒன்றிரண்டு கணு மட்டும் எடுத்தவர்களுக்கு இந்த வீக்கம் வரும் வாய்ப்பு குறைவு. உன்னைப் போல அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அக்குளுக்கு ரேடியேஷனும் சேர்ந்தால் இன்னும் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வரும், அதற்குப் பிறகும் வரலாம்.

எனக்குப் பதினான்காவது மாதம் வந்தது. கடிகாரப் பட்டையை எப்போதும் மூன்றாவது துளையில் மாட்டுவேன். ஒருநாள் சாயங்காலம் கழற்றினால், மணிக்கட்டில் பட்டையின் தையல்கூடப் பதிந்திருந்தது. மறுநாள் இரண்டாவது துளைக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். வலி இல்லை. தண்ணீரில் ஊறிய துணி மாதிரி கை கனத்தது. சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியது. காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும்! அந்தக் காலைதான் என்னை ஏமாற்றியது. படுத்திருக்கும்போது நீர் வடிந்துவிடுகிறது. ஆரம்ப வீக்கத்தின் குணமே அதுதான். கட்டுக்குள் கொண்டுவர எளிதான கட்டமும் அதுதான். நான் மூன்று மாதத்தை வீணாக்கினேன். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிட்டேன். நிணநீரில் புரதம் இருக்கிறது, அந்த மாத்திரையால் அதை வெளியேற்ற முடியாது என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு சொன்னார். அவர் அளந்தபோது முன்கையில் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

அதனால் நீ அளந்து வை. மேசையில் கையை நீட்டி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பேனாப் புள்ளி வை. டேப்பை இறுக்காமல் சும்மா படியவிட்டு, இரண்டு கையையும் அள. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில். நாம் அதிகம் பயன்படுத்தும் கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும். அதனால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியது என்பதைப் பார். ஏதாவது ஒரு புள்ளியில் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் உடனே காட்டு. கனமோ இறுக்கமோ ஒரு வாரம் தொடர்ந்தால், அளவு கூடாவிட்டாலும் காட்டு. ஒரே நாளில் கை திடீரென்று வீங்கினால் அது ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

குழந்தை விஷயம். எனக்கு அந்தக் காலத்தில் "கனமே தூக்காதே" என்றார்கள். நானும் கையைப் பொத்திப் பொத்தி வைத்தேன், தோள் இறுகி, தசை சோர்ந்துபோனதுதான் மிச்சம். தசை சுருங்கி விரிவது நிணநீர் மேலே ஏற உதவுகிறது. மெல்லக் கூட்டிக்கொண்டே போகும் எடைப்பயிற்சி வீக்கத்தை வரவழைப்பதில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காயம் ஆறி, டாக்டர் சரி என்றதும், முதலில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள், பிறகு கொஞ்ச நேரம் தூக்கு, வாரம் வாரம் கூட்டு. எடுத்த எடுப்பில் ஒரு நாள் முழுக்கச் சுமக்காதே. உடல் எடை ஏறாமலும் பார்த்துக்கொள், எடை கூடினால் வீக்கத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது.

அந்தக் கையில் ஊசி போட்டாலோ பிரஷர் பார்த்தாலோ வீங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. முடிந்தால் அடுத்த கையைக் கொடு, அவசரத்தில் பதறாதே. நான் பயப்படுவது கிருமித் தொற்றுக்குத்தான். கீறல், பூச்சிக்கடி எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வை. தோல் வெடிக்காமல் தினமும் கிரீம் தடவு. தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும்.

வீக்கத்தை அடக்கக் கையில் மாட்டும் இறுக்க உறையை நீயாக வாங்கிப் போடாதே. அளவு தப்பினால் நீர் விரல்களுக்கு இறங்கிவிடும். எனக்கு அளவெடுத்துக் கொடுத்தார்கள், பகலில் போடுகிறேன். வீக்கம் முழுக்கப் போகவில்லை, ஒரு சென்டிமீட்டரில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அளந்து, இரண்டு கைகளின் எண்களையும் எனக்கு அனுப்பு. நானும் என்னுடையதை அனுப்புகிறேன்.

அம்மா