கார்டு கைமாறிய நாளுக்கு ரசீது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பகிர்வு அலுவலகத்தில் மாதம் 650 வெள்ளிக்கு மேசை எடுத்து, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி வந்தேன். கடந்த ஆண்டு அதை விட்டபோது பட்ட அலைச்சல், என்னைப்போல் தனியாகத் தொழில் செய்யும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மார்ச் 3, திங்கட்கிழமை மின்னஞ்சலில் நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு மாத நோட்டீஸ்தானே, ஏப்ரல் 3-இல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தது 'ஒரு முழு காலண்டர் மாதம்'. வாடகை ஒன்றாம் தேதி முன்கூட்டியே வாங்கப்படுவதால், அவர்கள் கணக்கில் மாதம் ஒன்றாம் தேதிதான் பிறக்கிறது. எனவே என் நோட்டீஸ் ஏப்ரல் 1-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடிந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 28-இல் அனுப்பியிருந்தால் மார்ச்சோடு முடிந்திருக்கும். சனி, ஞாயிறு யோசித்ததற்கு விலை 650 வெள்ளி. "டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன்; டெப்பாசிட் சேதத்துக்கும் பாக்கிக்கும்தான், கடைசி மாத வாடகைக்கு இல்லை என்றார்கள். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்ததால் கட்டிவிட்டேன்.

அப்புறம் வந்தது கார்டுப் பிரச்சினை. என்னிடம் இரண்டு இருந்தன: அலுவலகக் கதவுக்கு ஒன்று, கீழே லிஃப்ட் தடுப்புக்கு ஒன்று. இரண்டாவது கட்டட நிர்வாகத்துடையது. ஏப்ரல் 30 இரவு வேலை முடித்துக் கிளம்பும்போது வரவேற்பறை மூடியிருந்தது. மறுநாள் தொழிலாளர் தினம், விடுமுறை. சரி என்று இரண்டையும் ஓர் உறையில் போட்டு, லாபி பாதுகாவலரிடம் கொடுத்தேன். அவர் தம் பதிவேட்டில் நேரம், அறை எண், 'கார்டு 2' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

உறை அவருடைய இழுப்பறையிலேயே கிடந்து, மே 9-இல்தான் மேலே போய்ச் சேர்ந்தது. கார்டு திரும்பும்வரை உறுப்பினர் கணக்கு ஓடும் என்பது ஒப்பந்த விதி. அதனால் ஒன்பது நாளுக்கு 188.71 வெள்ளி பிடித்தம் என்று கடிதம் வந்தது. பதிவேட்டுப் படத்தை அனுப்பிய பிறகு பிடித்தத்தை நீக்கினார்கள். ஆனால் டெப்பாசிட்டைத் திருப்பித் தருவதற்கான 30 வேலை நாள்களை மே 9-இலிருந்தே எண்ணினார்கள். நடுவில் விசாக தினம், பேரரசர் பிறந்தநாள் விடுமுறைகள். 650 வெள்ளி ஜூன் கடைசி வாரத்தில்தான் வந்தது.

நண்பர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கான பொருளையும் சேவையையும் வாங்குபவரையே பயனீட்டாளர் என்கிறது. தொழிலுக்கு எடுத்த மேசைக்கு அந்த வழி நிச்சயமில்லை. தனிநபர்களுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது.

இத்தகைய இடங்களை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் மூன்று. நோட்டீஸுக்கு அனுப்பும் பதிலிலேயே 'உங்கள் கடைசி நாள் இது' என்று தேதியோடு எழுதுங்கள். கார்டை வாங்கும்போது அதன் எண்ணையும் தேதியையும் குறித்து ஒரு ரசீது கொடுங்கள். வரவேற்பறை மூடிய பிறகு கிளம்புகிறவர்களுக்கு, பூட்டிய பெட்டி ஒன்றையும் வாசலில் வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்